சுத்தப் பிரதி

மொரோயெசியின் பதிவேட்டை அலுவலக மேசைமேல் வைக்க, பட்டறையின் எழுத்தர் மிஸ் பெட்ரா விடமாட்டாள். முதலில் ஒரு பழைய செய்தித்தாளை விரிப்பாள். அதன்மேல்தான் வைக்க வேண்டும். அவ்வளவு எண்ணெய் குடித்திருந்தது அது. அட்டையின் நீலம் போய்க் கறுப்பாகியிருந்தது. ஓரங்கள் சுருண்டு, நடுப்பக்கங்களில் கிரீஸ் ஊறி, ஒரு தாளில் எழுதியது அடுத்த தாளிலும் தெரிந்தது. பதினேழாம் வேலைக்கான பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. தண்டில் சாவிப்பள்ளம் வெட்டும்போது மொரோயெசியின் விரல் கிழிந்து சொட்டிய ரத்தம் அது.

தென்னாப்பிரிக்காவில், வெல்கம் நகரத்தின் தொழிற்பேட்டையில், சுரங்கங்களின் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மொரோயெசி ஃபிட்டர் பயிற்சியாளாகச் சேர்ந்தபோது வயது முப்பத்தொன்று. கூடவே சேர்ந்தவன் ட்ஸியெட்ஸி, அவனுக்கு இருபத்தொன்று. முதல் நாளே இருவருக்கும் ஆளுக்கொரு பதிவேடு கொடுத்தார்கள். உள்ளே நாற்பத்தொன்பது வேலைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. அரம் போட்டுத் தட்டையாக்குவது முதல் வேலை. பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது கடைசி வேலை. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை செய்து தேறியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதி, வேலைச் சீட்டின் எண், என்ன செய்தாள், எத்தனை மணி நேரம் என்று அவள் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ‘தேர்ச்சி’, ‘இன்னும் இல்லை’. மேற்பார்வையாளர் இரண்டில் ஒன்றில் குறிபோட்டு, கையெழுத்திட்டு, தன்னுடைய தொழிற்சான்றிதழ் எண்ணையும் எழுதுவார். நாற்பத்தொன்பதும் தேறியபின் கடைசிப் பக்கத்தில் பட்டறையின் முத்திரை விழும். பிறகு புத்தகம் புளூம்ஃபொன்டெய்னில் இருக்கும் பயிற்சி வாரியத்துக்குப் போகும். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் தொழில்தேர்வுக்குத் தேதி. தேர்வில் தேறினால் கைவினைஞர். இல்லையென்றால் முப்பது வருஷம் பம்பு பிரித்தாலும் உதவியாள்தான்.

மொரோயெசியின் கணவன் வேலை பார்த்த சுரங்கத்தை மூடினார்கள். அவன் ருஸ்டென்பர்க் பக்கம் வேலை தேடிப் போனான். முதல் வருஷம் போன் செய்தான், அப்புறம் செய்யவில்லை. மகள் கெனூவேயை வைத்துக்கொண்டு அவள் மாலைக் கல்லூரியில் தொழில்கணக்கும் வரைபடமும் படித்து, மூன்றாவது முயற்சியில் இந்தப் பட்டறையில் இடம் பிடித்தாள். அதிகம் பேசமாட்டாள். யாராவது உரக்கக் கூப்பிட்டாலே தோள் குறுகும். ஆனால் பார்ப்பாள். பேரிங்கைச் சூடாக்கும்போது எண்ணெயின் நிறம் எப்போது மாறுகிறது, தண்டில் ஏற்றும்போது கை எங்கே நிற்கிறது, எல்லாம் பார்த்துவைத்துக்கொள்வாள். அன்றன்று சாயங்காலம், கை கழுவுவதற்கு முன்பே, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குப் பக்கத்தில் நின்றபடி புத்தகத்தில் எழுதிவிடுவாள். கை கழுவிவிட்டு வந்தால் பாதி மறந்துபோகும் என்பது அவள் பயம்.

மேற்பார்வையாளர் ரமபெலே குறிபோடுவதில் ஈவிரக்கம் பார்க்காதவர்.

“இது என்ன? மில்லிமீட்டர்ல நூறில் இருபது விலகி நிக்குது. இத ஓட்டினா ரெண்டையும் சேக்கற கப்ளிங் ஒரு மாசத்துல பொடிப்பொடியாப் போயிரும். எங்க போடணும் குறி? நீயே சொல்லு.”

“இன்னும் இல்லைல போடுங்க, ந்தாத்தே.” அங்கே பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

“அழுதுருவியா?”

“இல்ல, ந்தாத்தே.”

“அழு. யாரு வேணாம்னா? அழுதுட்டு திரும்பக் கழட்டு.”

நாற்பத்தொன்பதாம் வேலைக்கு மட்டும் அவள் புத்தகத்தில் ஐந்து ‘இன்னும் இல்லை’ இருந்தன. ஆறாவது முறைதான், விலகலை அளக்கும் டயல் கேஜின் முள் ஒரு சுற்றுக்கு நூறில் நான்குக்குள் ஆடியது. ரமபெலே தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். ‘தேர்ச்சி’யில் குறிபோட்டார். அன்று வீட்டுக்குப் போகும் பகிர்வு டாக்ஸியில் அவள் புத்தகத்தைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண், “சகோதரி, உங்க பையில எண்ணெய் ஒழுகுது” என்று சொல்லும்வரை எங்கே போகிறோம் என்ற நினைவே இல்லை.

ட்ஸியெட்ஸியின் வழி வேறு. அவன் எழுதவே மாட்டான். வெள்ளிக்கிழமை மதியம் ரமபெலே வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது பேனாவோடு போய் நிற்பான். “ந்தாத்தே, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நான் திங்கக்கிழமை எழுதிக்கறேன்.” அவரும் வெற்று வரிகளுக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பையன் வேலையில் கெட்டிக்காரன்தான்; எழுத்துதான் வராது என்று அவருக்கு எண்ணம். அந்தத் திங்கட்கிழமை மூன்று வருஷமாக வரவில்லை.

மூன்றாம் வருஷம் செப்டம்பரில் சுரங்கம் பழுதுவேலை தருவதை நிறுத்தியது. நவம்பர் கடைசியில் பட்டறையை மூடப்போவதாக முதலாளி எல்லாரையும் கூட்டிச் சொன்னார். அதற்குள் பயிற்சியாளர்களின் புத்தகம் முடிந்தாக வேண்டும். கதவை மூடியபின் முத்திரை போட ஆளில்லை.

மிஸ் பெட்ரா இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். செய்தித்தாளை விரித்தாள். மொரோயெசியின் புத்தகத்தைப் பென்சிலால் திறந்து இரண்டு பக்கம் புரட்டினாள்.

“இத அனுப்பப் போறியா?”

“ஆமா, மிஸ் பெட்ரா.”

“போன வருஷம் ரெண்டு புத்தகம் திரும்பி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ‘படிக்க முடியவில்லை’ன்னு எழுதி அனுப்பிட்டாங்க. இதோட வெச்சுப் பாத்தா அதெல்லாம் பைபிள் மாதிரி சுத்தமா இருந்துச்சு. இத தொட்டவங்க கையக் கழுவறதா, எழுதினத படிக்கறதா?”

மொரோயெசிக்கு முகம் சூடாயிற்று. ட்ஸியெட்ஸி கூரையைப் பார்த்தான்.

பெட்ரா அலமாரியிலிருந்து ஒரு புதிய பதிவேட்டை எடுத்துப் போட்டாள். அட்டை பளபளத்தது. “அடுத்த ஆளுங்களுக்கு வந்தது. இனிமே அடுத்த ஆளுங்கதான் இல்லையே. அழகா எடுத்து எழுது. ரமபெலே திரும்பக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு. சுத்தமான புத்தகம்னா யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

“எனக்கு?” என்றான் ட்ஸியெட்ஸி.

“உனக்கு எதுக்கு? உன்னுது சுத்தமாத்தானே இருக்கு. ஒண்ணுமே எழுதலையே!”

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். தேவாலயத்திலிருந்து வந்ததும் மொரோயெசி மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடுவாள். கெனூவே பழைய புத்தகத்தை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வாசிப்பாள், தாய் எழுதுவாள். பதினொரு வயதுக் குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு.

“வேலை எண் முப்பத்திமூணு. இம்பெல்லர் கழட்டினது. நாலு மணி நேரம். அம்மா, இம்பெல்லர்னா என்னம்மா?”

“தண்ணியத் தள்ற சக்கரம்.”

“அது எதுக்கு ‘முரட்டுத்தனமாகக் கழற்றினாள், திருகு உடைந்தது’ன்னு போட்டிருக்கு?”

“அத விடு.”

“இன்னும் இல்லைன்னு குறி போட்டிருக்காரும்மா.”

“அதையும் விடு. தேர்ச்சி போட்டத மட்டும் படி.”

“அப்ப நீ தப்பே பண்ணலன்னு ஆயிரும்ல?”

மொரோயெசி சிரித்தாள். வெளியே ஆகஸ்டில் தொடங்கிய காற்று அந்த வருஷம் அக்டோபர்வரை ஓயவில்லை. சுரங்கக் கழிவுமேட்டின் மஞ்சள் தூசி ஜன்னல் இடுக்கில் வந்து படிந்துகொண்டே இருந்தது. எழுதிய பக்கத்தின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தை எழுதினாள். வாழ்க்கையில் இவ்வளவு அழகாக அவள் எழுதியதில்லை. ஒரு அடித்தல் இல்லை. புதிய புத்தகத்தில் மணி நேரத்துக்கான பத்தி தேதிக்கு முன்னால் வந்திருப்பதைக் கவனித்தாள். நாற்பத்தொன்பது வேலைகளும் அதே வரிசையில்தான் இருந்தன. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி அச்சிட்டிருந்தது. அதை மட்டும் அவள் படிக்கவில்லை. வேலை செய்யும் யாரும் படிக்கிற இடமல்ல அது.

எழுதி முடித்த திங்கட்கிழமை ட்ஸியெட்ஸி வந்து நின்றான்.

“அவுசி, உங்க பழைய புத்தகம் இனிமே உங்களுக்கு எதுக்கு?” அக்காவை அங்கே அவுசி என்பார்கள். “ரெண்டு நாள் குடுங்க. தேதியும் வேலை எண்ணும் பாத்துக்கறேன். நாம ஒரே பம்புலதானே வேலை பாத்தோம்?”

“எல்லாம் ஒரே பம்பு இல்ல.”

“முக்காவாசி ஒரே பம்புதான்.”

“பாதி.”

“சரி, பாதி. மீதி பாதிக்கு நான் கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். என் அம்மா மேல ஆணை, ரெண்டே நாள்.”

மறுக்கத் தெரியாதவள்; கொடுத்தாள். அவன் இரண்டு நாளும் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது தன் புத்தகத்தையும் பெருமையோடு காட்டினான். வெற்று வரிகளெல்லாம் நிறைந்திருந்தன. போதாதென்று பக்கங்களில் கழிவெண்ணெயைத் தடவி, ஒரு நாள் முழுக்கத் தன் மாமாவின் லாரி டயருக்கு அடியில் வைத்திருக்கிறான். “படிக்கவும் முடியணும், பாடுபட்ட மாதிரியும் தெரியணும். பாருங்க, இந்த மூலைல தேத்தண்ணிகூட ஊத்தியிருக்கேன்.” மொரோயெசிக்குச் சிரிப்பு வந்தது. பாவம், பையன் என்றுதான் நினைத்தாள்.

ரமபெலே அவளுக்கு ஒரு மதிய உணவு நேரத்தைக் கொடுத்தார். சோளக் களியும் கீரையும் இருந்த டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, நூற்று நாற்பத்தேழு கையெழுத்துகளை ஒரே பேனாவால் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சான்றிதழ் எண். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பழைய புத்தகத்தைப் பார்த்து, பழைய தேதி.

“இன்னிக்குத் தேதி போடலாமா, ந்தாத்தே?” என்று அவள்தான் கேட்டாள்.

“மூணு வருஷ வேலைய ஒரே நாள்ல பாத்தேன்னு போடச் சொல்றியா? சிரிப்பாங்க. நான் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டேனா இல்லையா?”

“போட்டீங்க.”

“அப்புறம் என்ன? அன்னிக்குப் போட்டதுதான் இது. தாள்தான் வேற.” பாதியில் கையை உதறிக்கொண்டார். “உன் நாப்பத்தொம்பதாம் வேலை எங்க? ஆங். நூறில் நாலு. எனக்கு வருமான்னு சந்தேகம் அது.”

மூன்று வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முடித்ததும் அவர் பழைய புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு ஆளுக்கு ரெண்டு புத்தகம் இருக்கக் கூடாது. யாராவது பாத்தா எது நெசம்னு கேள்வி வரும்.” கந்தல் துணிகளை எரிக்கும் பீப்பாய் பின்முற்றத்தில் இருந்தது. அவர் சொன்னார், அவள்தான் கொண்டுபோய்ப் போட்டாள். எண்ணெய் குடித்த தாள், குபீரென்று பிடித்தது.

டிசம்பர் முதல் வாரம் இருவரையும் வாரியம் கூப்பிட்டது. பட்டறை மூடியாகிவிட்டது. புத்தகங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு லெட்சாபா என்ற பெண் அதிகாரியிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். அவரும் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்தவர் என்பது இடது கையின் குட்டைச் சுண்டுவிரலில் தெரிந்தது. ட்ஸியெட்ஸி முதலில் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். பிப்ரவரியில் தொழில்தேர்வு என்று தாளை ஆட்டிக் காட்டினான்.

மொரோயெசி உள்ளே போனாள். மேசைமேல் இரண்டு புத்தகங்களும் பக்கம் பக்கமாகத் திறந்திருந்தன.

“உக்காரும்மா. எழுத்து ரொம்ப அழகா இருக்கு.”

“நன்றி, ம்மே.” பெண்களை அங்கே மரியாதையாக அப்படி அழைப்பார்கள்.

“இது நீ தினமும் எழுதினதா?”

மொரோயெசி தலையை ஒருமாதிரி அசைத்தாள். அது ஆமாம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

லெட்சாபா புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, குட்டை விரலைப் பக்கத்தின் அடியில் வைத்தார். “இத படி.”

படித்தாள். ‘பதிவேட்டுப் படிவம், மூன்றாம் பதிப்பு, மார்ச் 2016.’

“மேல உன்னோட முதல் தேதி என்ன?”

பிப்ரவரி 2014.

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரமபெலேயின் கையெழுத்து, இன்னும் அச்சடிக்கவே படாத ஒரு தாளில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்திருந்தது.

“பழைய புத்தகம் ஒண்ணு இருந்துச்சு, ம்மே. எண்ணெயாப் போச்சு. அதப் பாத்து எழுதினேன்.”

“எடுத்து எழுதினதுல தப்பில்ல. பழசையும் சேத்து அனுப்பியிருந்தா நானே ஒட்டிப் பாத்து ஒத்துக்கிட்டிருப்பேன். எங்க அது?”

“எரிச்சாச்சு.”

“எரிச்சாச்சு.” லெட்சாபா அந்தச் சொல்லைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒரு முறை சொன்னார். பிறகு ட்ஸியெட்ஸியின் புத்தகத்தை நகர்த்தினார். “இது அந்தப் பையனோடது. பழைய படிவம். வேலை எண்ணெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணு. தேதி ஒண்ணு. நீ எழுதியிருக்கற வாக்கியம்கூட இதுல இருக்கு. ‘பேரிங்கை எண்ணெயில் சூடாக்கினேன், தண்டின் தோளில் கை நின்றது.’ இப்படி ரெண்டு பேரு எழுத மாட்டாங்க. அவன் புத்தகத்தப் பாத்துதானே எழுதின?”

மொரோயெசி கதவைப் பார்த்தாள். அதன் மேல்பாதி கண்ணாடி. ட்ஸியெட்ஸி தாழ்வாரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“இல்ல, ம்மே. அவன்தான்...”

“அவன்தான்?”

முடிக்க முடியவில்லை. முடித்தால் அவனும் போவான் என்பது ஒரு பக்கம். ஆனால் அவளை நிறுத்தியது அதுமட்டுமல்ல. எண்ணெய் வழியும் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில், தன்னுடைய வெள்ளைப் பக்கங்கள் அவளுக்கே பொய்யாகத் தெரிந்தன.

“என்னைச் செய்யச் சொல்லுங்க,” என்றாள். “ஒரு பம்ப காட்டுங்க. நாப்பத்தொம்பதையும் செஞ்சு காட்டறேன்.”

“செய்வேன்னுதான் தோணுது.” லெட்சாபா புத்தகத்தை மூடினார். “ஆனா தேர்வு அறைக்குள்ள விடறதுக்குத்தான் இந்தப் புத்தகம். எனக்குத் தோணறத எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல. சரி. கையெழுத்துப் போட்டவரையே கேட்டுருவோம். நீ எடுத்து எழுதின புத்தகத்துல ஒரே மூச்சுல கையெழுத்துப் போட்டேன்னு அவர் ஒரு வாக்குமூலம் குடுத்தா, தப்பு நடைமுறையோடதா ஆயிரும். அவருக்குக் கையெழுத்து உரிமை போகும். உனக்குத் தேர்வு போகாது.”

போனை மேசைமேல் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி செய்தார். நான்காவது மணியில் ரமபெலே எடுத்தார். பின்னால் கோழிகள் கத்தின.

“ஐயா, உங்க பயிற்சியாள் மொரோயெசியோட புத்தகம் என் முன்னாடி இருக்கு. இதுல கையெழுத்து எப்ப போட்டீங்க?”

“அந்தந்த நாள்ல. வேலை முடிஞ்ச அன்னிக்கே போடறது என் வழக்கம்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“இந்தத் தாள் மார்ச் 2016ல அச்சடிச்சது, ஐயா.”

கோழிச்சத்தம் மட்டும் கேட்டது. மொரோயெசி போனுக்கு அருகில் குனிந்தாள். “ந்தாத்தே, நான்தான். மதியம் சாப்பாட்டு நேரத்துல போட்டீங்களே, சொல்லுங்க.”

அவள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.  ரமபெலேக்கு அப்போது கையில் ஒன்றுதான் இருந்தது. வேறொரு பட்டறையில் பயிற்சி மேற்பார்வையாளராக ஜனவரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து உரிமை இருந்தால்தான் அந்த வேலை. அந்த உரிமை போனால் ட்ஸியெட்ஸியின் வெள்ளிக்கிழமைக் கையெழுத்துகளையும் கிண்டுவார்கள்.

“அப்ப அது என் கையெழுத்து இல்ல,” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“அது நான் போட்டது இல்ல, ம்மே. யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது.”

போன் துண்டிக்கப்பட்டது. லெட்சாபா மொரோயெசியைப் பார்க்காமல் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். போலிக் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு எந்தப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கத் தடை. செய்த மூன்று வருஷமும் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு ஒரு முதலாளி புதிதாக ஒப்பந்தம் போட்டால், புதிய புத்தகம், முதல் வேலையிலிருந்து.

“மேல்முறையீடு செய்யலாம்,” என்றார். “முப்பது நாள் இருக்கு. ஆனா அவர் வார்த்தைய மாத்தணும்.”

வாசலில் ட்ஸியெட்ஸி காத்திருந்தான். இருவரும் டாக்ஸி நிலையம்வரை நடந்தார்கள். அங்கே பொரித்த மாவுருண்டை நான்கு வாங்கி இரண்டை அவள் கையில் வைத்தான். “அவுசி, நான் உள்ள வந்து சொல்லியிருக்கலாம்,” என்றான். அவன் குரலில் கேள்வி இருந்தது. இல்லை, நீ வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. மாவுருண்டையையும் சாப்பிடவில்லை.

மேல்முறையீட்டுக்கு இருபத்திரண்டு நாள் மீதி இருந்தபோது ரமபெலே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிவேலிக்கு வெளியே நின்றார். மொரோயெசி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“உள்ள வரலாமா?”

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

“ரெண்டு பேருல ஒருத்தராவது கரையேறட்டும்னு பாத்தேன்,” என்றார். “உண்மையச் சொல்லியிருந்தா மூணு பேரும் போயிருப்போம். நீ யோசிச்சுப் பாரு. எனக்கு அம்பத்தெட்டு. என்னய எவன் சேப்பான்?”

“எனக்கு முப்பத்திநாலு, ந்தாத்தே.”

“அதான் சொல்றேன். உனக்கு வயசு இருக்கு.”

கெனூவே உள்ளேயிருந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். அவரை அவள் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்து தெரியும்.

“இவருதானேம்மா இன்னும் இல்லை, இன்னும் இல்லைன்னு போட்டவரு?”

ரமபெலே தொப்பியைப் போட்டுக்கொண்டார். வேலியின் கம்பியைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டுப் போனார். ஜனவரியில் புதிய பட்டறையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டாள். முப்பது நாளும் முடிந்தது.

ட்ஸியெட்ஸி தொழில்தேர்வில் முதல் முறையிலேயே தேறினான். கைவேலை தெரிந்தவன்தான், அதில் பொய்யில்லை. சுரங்கத்தின் தண்ணீரை மேலே இறைக்கும் பம்பு நிலையங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் கைவினைஞனாக எடுத்தார்கள். அவன் சொல்லித்தான் அடுத்த ஆண்டு மொரோயெசிக்கும் அங்கே வேலை கிடைத்தது, உதவியாளாக. அவன் கூப்பிட்டபோது அவள் இரண்டு வாரம் யோசித்தாள். கெனூவேக்குப் பள்ளிச் சீருடை சின்னதாகியிருந்தது. போனாள்.

தடைக்காலம் முடிந்த மாதம் அந்த நிறுவனத்தின் பயிற்சி அலுவலரிடம் போய், தனக்கு ஒப்பந்தம் போட முடியுமா என்று கேட்டாள். கேட்பதற்கு மூன்று நாள் வார்த்தை சேர்த்தாள். இளம் அலுவலர், மரியாதையானவர். அவளுடைய அடையாள எண்ணைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“உங்க பேருக்கு எதிர்ல ஒரு குறிப்பு இருக்கு, ம்மே.”

“ரெண்டு வருஷம்னு சொன்னாங்க. முடிஞ்சிருச்சு.”

“தடை முடிஞ்சிருச்சு. குறிப்பு போகாது. இதப் பாத்துட்டு எங்க மேலாளர் கையெழுத்துப் போட மாட்டாரு. எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு இடம்தான். நூத்திருபது பேரு நிக்கறாங்க. உங்களுக்கு வீணா நம்பிக்கை குடுக்க விரும்பல.”

“சரிங்க,” என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

வேலைக்குப் போகும் வண்டியில் இதை ட்ஸியெட்ஸியிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. “விடுங்க அவுசி, ஒப்பந்தம் கெடைச்சா எங்கிட்ட வாங்க. எனக்கு இப்ப சான்றிதழ் எண் இருக்கு. நாப்பத்தொம்பதுக்கும் ஒரே நாள்ல போட்டுத் தர்றேன்.” சொன்னபின்தான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வண்டியின் ஜன்னலை இறக்கினான், திரும்ப ஏற்றினான்.

அன்று மூன்றாம் நிலையத்தில் வேலை. புதிய மோட்டார் வந்திருந்தது. பம்போடு சேர்த்து நேராக நிறுத்த வேண்டும். ட்ஸியெட்ஸி ஒரு முறை முயன்றான். முள் நூறில் பதினைந்து ஆடியது. இன்னொரு முறை முயன்றான். பிறகு டயல் கேஜை அவளிடம் நீட்டினான். “நீங்க செட் பண்ணுங்க, அவுசி. நான் ஷிம் தகடு வெட்டித் தர்றேன்.”

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மோட்டாரின் பின்காலில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினாள், போல்ட்டை இறுக்கினாள், தண்டைக் கையால் மெல்லச் சுற்றினாள். தளர்த்தினாள். தகட்டை மாற்றினாள். வெயில் கூரைத் தகரத்தைச் சுட்டது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் முள் நூறில் மூன்றில் நின்றது. ட்ஸியெட்ஸி சுற்றிப் பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தான்.

வேலைச் சீட்டை எடுத்து வண்டியின் முகப்பில் வைத்து எழுதினான். ‘கைவினைஞர்’ என்ற இடத்தில் தன் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டான். அதற்குக் கீழே ‘உதவியாள்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் பெயர் எழுத இடமில்லை; எத்தனை பேர் என்று மட்டும்தான் எழுத வேண்டும்.

பேனா கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. பிறகு ‘1’ என்று எழுதினான்.

மொரோயெசி கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நிலையத்தில் பம்பின் தண்டைச் சுற்றிய அடைப்பு, கிளாண்ட், ஒழுகுவதாகத் தகவல் வந்திருந்தது. பெட்டியைத் தூக்கி வண்டியின் பின்னால் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தாள்.